சூடான அமிலமும் திறந்த குழாயும்: எங்கள் வேதியியல் ஆய்வகக் கையேடு உருவான விதம்

"அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது." எந்தப் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தாலும் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு சுவரில் இருக்கும். பெருந்துறைப் பக்கம் நான் பாடம் நடத்தும் மேல்நிலைப் பள்ளியிலும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. எங்கள் ஆய்வகத்தில் நடந்த மிக மோசமான விபத்து, இந்த வாக்கியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கக்கூடிய ஒரு மாணவிக்குத்தான் நேர்ந்தது. விதி தெரியாததால் அது நடக்கவில்லை. தான் அப்போது செய்துகொண்டிருந்ததுதான் அந்த விதி தடுக்கும் செயல் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது எங்கள் பள்ளியில் இருக்கும் பாதுகாப்புக் கையேடு முழுவதும் அந்த இடைவெளியை அடைப்பதற்காக எழுதப்பட்டது.

அன்று உப்புப் பகுப்பாய்வு நடந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கொடுத்திருந்தது ஒரு நைட்ரேட் உப்பு. உப்போடு தாமிரச் சீவலைப் போட்டு, அடர் கந்தக அமிலம் சேர்த்துச் சூடுபடுத்தினால் செம்பழுப்பு நிறப் புகை வரும். வந்தது. அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த சோதனைக்கு அதே குழாய் வேண்டும் என்பதால், பிடிப்பானோடு கழுவுதொட்டிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்து, சோதனைக்குழாயின் வாயை அதன் கீழே நீட்டினாள். அவ்வளவுதான். குழாய்க்குள் இருந்ததெல்லாம் ஒரு வெடிப்பொலியோடு மேலே பீறிட்டது. மணிக்கட்டிலும் கன்னத்திலும் தெறித்தது. பார்வைக்கான மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தாள். ஆனாலும் ஒரு துளி அதன் பக்கவாட்டு இடைவெளி வழியாக இடது இமையில் விழுந்தது.

பாத்திரம் கழுவுவது அவளுக்குச் சோதனையின் பகுதியாகத் தெரியவில்லை. அது சோதனை முடிந்த பிறகு செய்யும் வேலை. ஆனால் வேதியியலின் கண்ணில் அவள் செய்தது தண்ணீரை அமிலத்தில் ஊற்றியதுதான், அதுவும் சூடான அமிலத்தில்.

இதை மாணவர்களுக்கு நான் இப்படி விளக்குகிறேன். பாட்டிலில் வரும் அடர் கந்தக அமிலம் ஏறத்தாழ 98 சதவீதம் அமிலம். ஒரே அளவு தண்ணீரைவிட அது 1.84 மடங்கு எடை கொண்டது. அதன்மேல் தண்ணீர் விழுந்தால் உடனே கலக்காமல் மேலே ஒரு மெல்லிய படலமாக நிற்கும். இரண்டும் தொடும் இடத்தில் வெப்பம் ஏராளமாகப் பிறக்கும். அந்த வெப்பத்தைத் தாங்க அந்த மெல்லிய படலத்தில் போதுமான தண்ணீர் இல்லை; அது நொடியில் கொதித்து ஆவியாகி, போகும்போது அமிலத்தையும் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறது. மாறாக, நிறையத் தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றினால், கனமான அமிலம் கீழே இறங்கும். பிறக்கும் வெப்பத்தை அத்தனை தண்ணீரும் பகிர்ந்துகொள்ளும்.

சூடான அமிலத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அடர் கந்தக அமிலமோ 300 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். அதனால் 150 டிகிரியில் இருக்கும் அமிலம் குமிழி விடாது, பொங்காது, அமைதியாக நிற்கும். பார்ப்பவருக்கு அது ஆறிவிட்டது போலவே தெரியும். கண்ணால் பார்த்து அதன் சூட்டைச் சொல்ல முடியாது; நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த விபத்துக்குப் பிறகு பழைய விதிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதில் எல்லாமே சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது பொருள்களைப் பற்றிப் பேசியது: அமிலம் ஆபத்தானது, காரம் அரிக்கும், எரிசாராயம் தீப்பற்றும். மாணவரின் கை அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று அது பேசவில்லை. எனவே வேறு வழியில் எழுத முடிவு செய்தோம். ஒரு மாணவர் சோதனையைத் தொடக்கத்திலிருந்து செய்வார். அமிலத்துக்குப் பதில் வெறும் தண்ணீர். இன்னொரு மாணவர் பக்கத்தில் நின்று கையின் ஒவ்வொரு அசைவையும் எழுதுவார். பாட்டிலை எடுத்தான், மூடியை மேசைமேல் கவிழ்த்து வைத்தான், குழாயைத் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான், வலது கையால் கண்ணைத் தேய்த்தான். இப்படி எழுதிய தாளிலிருந்துதான் எங்கள் விதிகள் பிறந்தன. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பக்கம், அதற்குமேல் இல்லை.

நைட்ரேட் சோதனைக்கான பக்கம் இப்படிப் போகிறது. 2.5 லிட்டர் அமில பாட்டில் மாணவர் இருக்கும் அறைக்கே வராது. சேமிப்பறையில், தரைமட்டத்தில், பிளாஸ்டிக் தட்டுக்குள் அது நிற்கும். அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வாளிக்குள் வைத்து, வாளியைத்தான் தூக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் அதிலிருந்து சிறு பாட்டில்களில் ஊற்றி வைப்பார். மாணவர் சொட்டுக்குழாயால் 1 மில்லிலிட்டர் அளவு மட்டும் எடுப்பார். உப்பு ஒரு சிட்டிகை. சோதனைக்குழாய் சாய்ந்திருக்க வேண்டும், அதன் வாய் சுவரைப் பார்த்திருக்க வேண்டும். சூடு குழாயின் அடியில் ஒரே இடத்தில் படாமல், அசைத்துக்கொண்டே காட்ட வேண்டும். புகையை முகர்ந்து பார்க்கும் பேச்சே இல்லை. செம்பழுப்பு நிறம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

பிறகுதான் முக்கியமான வரி: சோதனை முடிந்த குழாய் கழுவுதொட்டிக்குப் போகாது. ஒவ்வொரு மேசையிலும் சிவப்பு வண்ணம் அடித்த ஒரு மரத் தாங்கி இருக்கிறது. சூடான அமிலம் உள்ள குழாய் அதில்தான் நிற்க வேண்டும். குறைந்தது பத்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. அதன்பின் ஆசிரியர் மேசையில் பாதியளவு தண்ணீரோடு இருக்கும் ஒரு லிட்டர் பீக்கரில், குழாயில் உள்ளதை மெதுவாக, கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். அந்த வேலையை நானோ உதவியாளரோ செய்கிறோம். காலியான குழாயைத்தான் மாணவர் கழுவுகிறார். இதனால் ஒவ்வொருவருக்கும் கூடுதலாக நாலைந்து சோதனைக்குழாய்கள் தேவைப்படுகின்றன. செலவு அவ்வளவுதான். சோதனைக்குழாய் போதாதபோதுதான் பிள்ளைகள் சூடான குழாயை அவசரமாகக் கழுவ ஓடுகிறார்கள். ஆகவே போதுமான குழாய்கள் வாங்குவதும் எனக்குப் பாதுகாப்பு விதிதான்.

பீக்கரில் சேர்ந்த கழிவை ஆப்ப சோடா போட்டு, நுரைப்பது நிற்கும்வரை நடுநிலையாக்குகிறோம். தாமிரமும் காரீயமும் கலந்தவை சாக்கடைக்குப் போகாமல் தனிக் கேனுக்குப் போகின்றன. சாயக்கழிவுப் பிரச்சினையில் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட செய்தியை வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அந்தச் சாயக்கழிவு வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை எங்களுக்குத் தொலைவில் இல்லை. சாக்கடையில் விட்டது எங்கே போய்ச் சேரும் என்று இவர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இனி அவசர நடவடிக்கை. அன்று அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது பக்கத்து இருக்கைத் தோழி. அவள் யாரையும் கேட்கவில்லை; தலையைப் பிடித்து அதே குழாயின் கீழ் சாய்த்துவிட்டாள். நான் ஓடிப் போவதற்குள் தண்ணீர் முகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அது வெந்நீர்! மார்ச் மாதம், பிற்பகல். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாய் வழியாக வந்த தண்ணீர், முதல் சில விநாடிகள் கை வைக்க முடியாத சூட்டில் வந்தது. உதவியாளர் அண்ணன் குடிநீர்ப் பானையிலிருந்த தண்ணீரைச் செம்பில் மொண்டு ஊற்றினார். அதற்குள் குழாய்த் தண்ணீரும் ஆறிவிட்டது.

வெளிநாட்டுக் கையேடுகளில் கண் கழுவும் கருவி, அவசரக் குளியல் குழாய் என்றெல்லாம் படம் போட்டிருக்கும். எங்களிடம் அவை இல்லை. ஆனால் அவற்றுக்கான அமெரிக்கத் தர அளவு பயன்பட்டது. கண் கழுவும் கருவி நிமிடத்துக்கு 1.5 லிட்டர் வீதம் 15 நிமிடம் தண்ணீர் தர வேண்டும். தண்ணீரின் வெப்பம் 16 டிகிரிக்கும் 38 டிகிரிக்கும் இடையே இருக்க வேண்டும் என்கிறது அது. அப்படியானால் ஒருவர் கண்ணுக்கு 22.5 லிட்டர், அதாவது இரண்டு வாளிக்கும் குறைவு. இது எங்களால் முடியும். இரண்டு கண்ணுக்கும், முகத்துக்கும் கைக்கும் சேர்த்து, ஆய்வகத்தின் உள்ளேயே நிழலில், மேடைமேல் ஒரு 200 லிட்டர் டிரம்மை வைத்தோம். அடியில் ஒரு குழாய், அதில் மெல்லிய ரப்பர்க் குழல். வேகம் குறைவாக வழியும், கண்ணில் அடிக்காது. தண்ணீர் லாரி வராத வாரத்திலும் இந்த டிரம் நிறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அன்று அமிலச் சோதனை கிடையாது, எழுத்து வேலைதான். தலைமை ஆசிரியர் இதற்கு ஒப்புதல் தந்தது பெரிய உதவி. வாரத் தொடக்கத்தில் பழைய தண்ணீரைச் செடிகளுக்கு விட்டுவிட்டுப் புதிதாக நிரப்புகிறோம்.

கையேட்டில் இந்தப் பகுதியைச் சின்ன வாக்கியங்களாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் பதற்றத்தில் யாரும் நீளமாகப் படிக்க மாட்டார்கள்.

"பக்கத்தில் இருப்பவர் உடனே கையைப் பிடித்து டிரம்முக்குக் கூட்டிப் போகவும். அனுமதி கேட்க வேண்டாம். பட்ட கண் கீழே இருக்கும்படி தலையைச் சாய்க்கவும். தண்ணீர் மற்றக் கண்ணுக்கு வழியக் கூடாது. இமைகளை விரலால் விரித்துப் பிடிக்கவும். மூக்கிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஓடட்டும். இருபது நிமிடம். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாக நேரம் சொல்லவும். இன்னொருவர் ஆசிரியரை அழைக்கவும். ஆசிரியர் 108க்குப் பேசுவார்."

இருபது நிமிடம் என்பதைத்தான் எல்லோரும் மீறப் பார்க்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் "எரியவில்லை டீச்சர், போதும்" என்பாள் பாதிக்கப்பட்டவள். வண்டி வாசலில் வந்து நிற்கிறது என்று வெளியே இருந்து குரல் வரும். எரிச்சல் குறைந்ததற்காகவோ, வண்டி வந்ததற்காகவோ பாதியில் நிறுத்தக் கூடாது. சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் பட்டால் இது இன்னும் உண்மை. காரம் முதலில் அமிலத்தைவிடக் குறைவாக வலிக்கலாம். ஆனால் திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு அது அமிலத்தைவிடப் பொல்லாதது.

அன்று மணிக்கட்டில் நாங்கள் கவனிக்காத ஒன்று இருந்தது. கோயிலில் கட்டிய கறுப்புக் கயிறு. முகத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால், கயிறு அமிலத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொண்டது யாருக்கும் தெரியவில்லை. முகத்தில் தடம் இல்லாமல் ஆறிவிட்டது. மருத்துவமனையில் இமைக்கு உள்ளே லிட்மஸ் தாளை வைத்துப் பார்த்து, அமிலம் மீதியில்லை என்று உறுதி செய்தார்கள். பார்வைக்கும் ஒன்றும் ஆகவில்லை. தழும்பு நின்றது கயிறு இருந்த இடத்தில்தான். அதனால் கையேட்டில் இப்போது இரண்டு வரிகள் சேர்ந்திருக்கின்றன. ஆய்வகத்துக்கு வரும்போது கயிற்றை முழங்கைப் பக்கமாக மேலேற்றி, அதன்மேல் மேலங்கியின் கையை இழுத்துவிட வேண்டும். அமிலம் பட்டால் கயிறு, வளையல், கடிகாரம் எல்லாவற்றையும் தண்ணீர் ஊற்றும்போதே வெட்டியோ கழற்றியோ எடுக்க வேண்டும். டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் நூலில் தொங்குகிறது.

துணியைப் பற்றியும் வெளிப்படையாக எழுதியாக வேண்டும். அமிலம் ஊறிய உடையை உடனே களைய வேண்டும் என்று எல்லாக் கையேடும் சொல்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்கும் ஓர் ஆய்வகத்தில் பதினாறு வயதுப் பெண் அதை எப்படிச் செய்வாள்? செய்ய மாட்டாள், ஊறிய துணியோடு நின்று பொறுத்துக்கொள்வாள். அதற்காகச் சேமிப்பறை வாசலில் கம்பி கட்டித் திரை போட்டோம். பக்கத்து அலமாரியில் ஒரு நைட்டி, ஒரு லுங்கி, இரண்டு துண்டுகள் துவைத்து மடித்து வைத்திருக்கிறோம். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் அந்த விதியை எழுதி வைப்பதில் பொருளே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆப்ப சோடா வாளி பற்றி ஒரு எச்சரிக்கை. மேசையில் அமிலம் சிந்தினால் சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பிறகு துடைக்க வேண்டும். இதைப் பார்த்த பிள்ளைகள் தோலிலும் அதையே தூவப் போனார்கள். அமிலத்தை நடுநிலையாக்கும் வினையும் வெப்பத்தைத் தரும். அதைவிட, சோடாவைத் தேடும் நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டிய நேரம். எனவே அந்த வாளியில் "மேசைக்கு மட்டும்" என்று சிவப்பில் எழுதியிருக்கிறோம். நெய், பற்பசை, மை எதுவும் தோலில் வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு தாளில் எந்தப் பொருள், அடர்ந்ததா நீர்த்ததா, எத்தனை மணிக்குப் பட்டது, எவ்வளவு நேரம் கழுவினோம் என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

உறுதிமொழிக்கு வருகிறேன். பல பள்ளிகளில் சேர்க்கைப் படிவங்களோடு ஒரு தாள் வரும்: "ஆய்வகத்தில் ஏற்படும் விபத்துக்குப் பள்ளி பொறுப்பல்ல, உடைக்கும் பொருளுக்கு ஈடு தருவேன்." பெற்றோர் படிக்காமல் கையெழுத்திடுவார்கள். அந்தத் தாள் பிள்ளையைக் காப்பாற்றாது. உடைத்தால் பணம் கட்ட வேண்டும் என்றால் உடைந்த கண்ணாடியைப் பிள்ளைகள் குப்பைக்கு அடியில் தள்ளுவார்கள். திட்டு விழும் என்றால் கையில் பட்ட காரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். செய்முறைத் தேர்வு நாளில் இது இன்னும் மோசம். மதிப்பெண் போய்விடும் என்ற பயத்தில் எரிச்சலை அடக்கிக்கொள்வார்கள். அதனால் எங்கள் உறுதிமொழி ஒளிக்காமல் சொல்வதில் தொடங்குகிறது:

"என்மேலோ பிறர்மேலோ எந்தத் துளி பட்டாலும், அது தண்ணீர்தான் என்று எனக்குத் தோன்றினாலும், உடனே சொல்வேன். தேர்வு நேரத்திலும் சொல்வேன். எதை உடைத்தாலும் சொல்வேன். பாதுகாப்புக் கண்ணாடியைச் சோதனை முடிந்த பிறகும், கழுவி முடிக்கும்வரை கழற்ற மாட்டேன். சூடான குழாயைச் சிவப்புத் தாங்கியில் வைப்பேன். பிப்பெட்டை வாயால் உறிஞ்ச மாட்டேன். பெயர் ஒட்டாத பாட்டிலைத் தொட மாட்டேன். ஆசிரியர் இல்லாதபோது ஆய்வகத்துக்குள் இருக்க மாட்டேன். பக்கத்தில் இருப்பவருக்கு ஏதாவது ஆனால் என் சோதனையை விட்டுவிட்டு அவரை டிரம்முக்குக் கூட்டிப் போவேன்."

அதற்குக் கீழே ஆசிரியரின் உறுதிமொழி: "சொன்னதற்காகத் திட்ட மாட்டேன். உடைந்ததற்குப் பணம் கேட்க மாட்டேன். டிரம் நிறைந்திருப்பதைப் பார்க்காமல் வகுப்பைத் தொடங்க மாட்டேன். இழந்த நேரத்துக்காகத் தேர்வாளரிடம் நானே பேசுவேன்." மாணவர், பெற்றோர், நான் என மூன்று கையெழுத்து.

பெற்றோர்களுக்கு இது விளங்காது என்று நினைத்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே பலருக்குச் சாயப்பட்டறையில் காஸ்டிக்கோடும் பெராக்சைடோடும்தான் பிழைப்பு. ஒரு தாய் தாளை நிதானமாகப் படித்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், கையுறை பற்றி ஒன்றும் போடவில்லையே? ஓட்டைக் கையுறைக்குள் காஸ்டிக் இறங்கினால் கழற்றும்வரை தெரியாதுங்க" என்றார். அந்த அனுபவம் என்னிடம் இல்லை. கையுறையைப் போடும் முன் ஊதிப் பார்க்க வேண்டும், வாயால் அல்ல, கையால் காற்றைச் சுருட்டி, என்ற வரி அந்த அம்மா சொன்ன பிறகு சேர்ந்தது.

கையெழுத்து வாங்கும் நாளும் மாறிவிட்டது. சேர்க்கையின்போது வாங்குவதில்லை, ஆய்வகத்தில், ஜூன் மாதம், ஒரு ஒத்திகைக்குப் பிறகுதான் வாங்குகிறோம். அமிலம் பட்டவரால் கண்ணைத் திறக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு மாணவரும் தன் இருக்கையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துத் தோழரின் கையைப் பிடித்து டிரம்முக்குப் போய், குழாயைத் தடவித் திறந்து தலையைச் சாய்த்துக் காட்ட வேண்டும். அடுத்த முறை தோழர் கண்ணை மூடுவார். முதல் ஒத்திகையிலேயே நடைபாதையில் கிடந்த பைகள் காலை இடறின. இப்போது பைகள் எல்லாம் வராந்தா அலமாரியில். அன்று வராத மாணவரின் பெயருக்கு எதிரே வருகைப் பதிவேட்டில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். ஒத்திகையைச் செய்து காட்டி அந்தப் புள்ளியை அழிக்கும்வரை அவருக்குப் பியூரெட்டும் அளவீடும் உண்டு, அடர் அமிலம் கிடையாது.